ஆக்சுவரி நஷ்டம்னா நம்ம காசு போச்சுன்னு அர்த்தமா?

நம்ம அம்பாங் பக்கத்து யூனியன் வாட்ஸ்அப் குழு ஒண்ணுல ஒரு குரல் பதிவு சுத்திக்கிட்டு இருக்கு. யாரோ ஒரு அண்ணன், நல்ல கோபத்துல பேசுறாரு.

"ஆண்டறிக்கைய எடுத்துப் பாருங்க. ஓய்வுக்காலப் பண கணக்குல ஆக்சுவரி நஷ்டம்னு போட்டிருக்கான். அதையும் லாபத்துல காட்டாம கீழ ஒளிச்சு வச்சிருக்கான். நம்ம காசு போச்சு!"

கேட்டதுலேருந்து எனக்கு மனசே ஆறல. இந்தக் கணக்குதான் என் பொழப்பு. ஆபீஸ்ல ஆக்சுவரிக்கு ஆள் பட்டியல் அனுப்புறது, அவங்க அனுப்புற அறிக்கைய ஏட்டுல ஏத்துறது, ஆடிட்டர் கேக்குற கேள்விக்கெல்லாம் பதில் சொல்றது, எல்லாம் நான்தான் பண்றேன்.

அந்த அண்ணன் சொன்னதுல ஒரு பாதி சுத்தத் தப்பு. காசு எங்கயும் போகல. இன்னொரு பாதியில, அவருக்கே தெரியாம, ஒரு நல்ல கேள்வி இருக்கு. ரெண்டையும் பிரிச்சுச் சொல்லணும்னுதான் இந்தப் பதிவு. (நீளமா வரும். ஒரு தே தாரிக் எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.)

முதல்ல இது எந்தக் காசுன்னு பாப்போம்.

இபிஎஃப் நமக்கெல்லாம் தெரியும். மாசம் பொறந்தா நம்ம சம்பளத்துல 11 விழுக்காடு, முதலாளி பங்கா 12 இல்லன்னா 13 விழுக்காடு. கட்டிட்டா முதலாளி கடமை முடிஞ்சது. கடைசியில எவ்வளவு சேருதோ அதுதான் நமக்கு. இதுக்கு எந்தக் கம்பெனிக்கும் ஆக்சுவரி தேவையில்ல.

இன்னொரு வகை இருக்கு. இவ்வளவு தருவோம்னு முதல்லயே வாக்கு கொடுத்துடுறது. அரசாங்கப் பென்ஷன் அப்படித்தான். எங்கப்பா பிரிக்ஃபீல்ட்ஸ்ல ரயில்வே குவாட்டர்ஸ்ல இருந்தவரு, அதனால அந்தக் கணக்கு எனக்குச் சின்ன வயசுலயே மனப்பாடம். வேல பாத்த மாசத்த கடைசிச் சம்பளத்தால பெருக்கி, 600 ஆல வகுக்கணும். 360 மாசம் வேல பாத்தா கடைசிச் சம்பளத்துல 60 விழுக்காடு, அதுதான் உச்சவரம்பு.

தனியார்லயும் இந்த வகை இன்னும் இருக்கு. தோட்டத் தொழிலாளர் சங்கமும் மாப்பாவும் போடுற கூட்டு ஒப்பந்தம் மாதிரி, யூனியன் ஒப்பந்தங்கள்ல ஓய்வுப் பலன் பத்தி ஒரு விதி இருக்கும். தோட்டக் கம்பெனி ஆண்டறிக்கைகளப் புரட்டினா பின்பக்கக் குறிப்புல இது வரும். கெந்திங் அறிக்கையில 'ஓய்வுப் பணிக்கொடை'ன்னு ஒரு வரி இருக்கும். தெனாகா நேஷனல் ஓய்வு பெற்றவங்களுக்கு மருத்துவச் செலவுக்கும் வாக்கு கொடுத்திருக்கிறதால அங்க தொகை ரொம்பப் பெருசு.

இதுல நெறைய திட்டத்துக்குப் பின்னால தனியா ஒரு நிதி கிடையாது. உண்டியல்ல காசு போட்டு வைக்கல. ஓய்வு பெறும்போது கம்பெனி தன் கையிலேருந்து எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். அதனால "பணம் போச்சு"ங்கிற பேச்சே இங்க பொருந்தாது. போறதுக்கு அங்க பணமே இல்ல. இருக்கிறது ஒரு கடன். கம்பெனி நமக்குத் தர வேண்டிய கடன்.

இப்ப அந்தக் கடன எப்படி எண்ணுறாங்கன்னு ஒரே ஒரு ஆள வச்சுப் பாப்போம்.

ஒரு அக்கா. வயசு 55. இருபது வருஷமா ஒரே தொழிற்சாலை. சம்பளம் இன்னைக்கு 4,000 வெள்ளி. 60 வயசுல ஓய்வு (2013 ஜூலை 1 லேருந்து குறைஞ்சபட்ச ஓய்வு வயசு 60ன்னு சட்டமே இருக்கு). ஒப்பந்தத்துல, வேல பாத்த ஒவ்வொரு வருஷத்துக்கும் கடைசிச் சம்பளத்துல அரை மாசம்னு இருக்கு.

கடைசிச் சம்பளம் எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது. அதனால ஆக்சுவரி ஒரு ஊகம் வச்சுக்குவாரு. வருஷத்துக்கு 4 விழுக்காடு ஏறும்னு வைங்க. அஞ்சு வருஷம் கழிச்சு சம்பளம் சுமார் 4,867 வெள்ளி. அதுல அரை மாசம் 2,433. இதுவரைக்கும் இருபது வருஷம் முடிஞ்சிருக்கு, அதனால 48,666.

இத அஞ்சு வருஷம் கழிச்சுத்தான் கொடுக்கணும். இன்னைக்கு அதோட மதிப்பு என்னன்னு வட்டி விகிதத்தால பின்னோக்கிக் குறைக்கணும். நல்ல தரமான கம்பெனிப் பத்திரத்துல கிடைக்கிற வட்டியத்தான் எடுக்கணும்னு விதி. 5 விழுக்காடுன்னு வைங்க. அப்ப இன்னைக்குக் கடன் 38,131 வெள்ளி.

ஒரு வருஷம் ஓடுது. ரெண்டு விஷயம் நடக்குது.

அக்கா இன்னும் ஒரு வருஷம் உழைச்சிருக்காங்க. அதுக்கு இன்னொரு 2,433 சேருது. ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம் பாக்கி, அதனால இன்னைய மதிப்புல 2,002. இதுதான் சேவைச் செலவு. சம்பளத்தோட ஒரு பகுதின்னே நினைச்சுக்கலாம். இந்த வருஷ உழைப்புக்கு இந்த வருஷக் கூலி, கைக்கு மட்டும் பின்னால வருது.

ரெண்டாவது, பழைய 38,131 ஒரு வருஷம் கிட்ட வந்துடுச்சு. கடன் கட்டாம வச்சிருந்தா வட்டி ஏறும்ல? 5 விழுக்காடு, 1,907. இது வட்டிச் செலவு.

38,131 கூட 1,907 கூட 2,002. மொத்தம் 42,040. எல்லாம் நினைச்சபடி நடந்திருந்தா வருஷக் கடைசியில கடன் இவ்வளவுதான் இருக்கணும். அந்த 3,909 வெள்ளியும் லாப நஷ்டக் கணக்குல செலவா ஏறும். இதுல ஒளிவுமறைவு எதுவும் இல்ல.

(ஒரு சின்ன விஷயம். வட்டிச் செலவ ஊழியர் செலவுல சேக்கணுமா, நிதிச் செலவுல சேக்கணுமான்னு விதியில சொல்லல. ஒரு கம்பெனி மேல காட்டும், ஒண்ணு கீழ காட்டும். ரெண்டு கம்பெனியோட இயக்க லாபத்த ஒப்பிடுறவங்க இதப் பாத்துக்கணும்.)

ஆனா நினைச்சபடி எங்க நடக்குது?

யூனியன் நல்லாப் பேசி அந்த வருஷம் 6 விழுக்காடு வாங்கிக் கொடுத்துடுச்சு. சம்பளம் 4,160 ஆகும்னு நினைச்சது 4,240 ஆயிடுச்சு. அதே 5 விழுக்காடு வட்டியில கணக்குப் போட்டா கடன் 42,848. நினைச்சதவிட 808 வெள்ளி கூட.

அது போதாதுன்னு சந்தையில வட்டி 5லேருந்து 4க்கு இறங்கிடுச்சு. வட்டி இறங்கினா பின்னோக்கிக் குறைக்கிறது குறையும், கடன் ஏறும். இப்ப 44,520. இன்னும் 1,672 கூட.

ரெண்டும் சேத்து 2,480 வெள்ளி.

அந்தக் குரல் பதிவுல அண்ணன் சொன்ன ஆக்சுவரி நஷ்டம் இதுதான். முதல் துண்டு அனுபவத்தால வந்தது, அதாவது ஊகம் ஒண்ணு, நடந்தது ஒண்ணு. ரெண்டாவது துண்டு ஊகத்தையே மாத்தினதால வந்தது. ரெண்டுமே கம்பெனிக்கு நஷ்டம். அக்காவுக்கு? சம்பளம் ஏறினதால ஓய்வுக்காசும் ஏறியிருக்கு! வட்டி இறங்கினதால அக்காவுக்கு ஒரு காசு கூடவும் இல்ல, குறையவும் இல்ல. 60 வயசுல வர்ற தொகை அதேதான்.

அதனால, அண்ணே, அந்த வரியில நஷ்டம்னு பாத்தா பயப்படாதீங்க. நமக்குத் தர வேண்டிய கடன் கூடியிருக்குன்னுதான் அது சொல்லுது. நம்ம பயம் வேற இடத்துல இருக்கணும். பின்னால நிதி இல்லாத திட்டத்துல கம்பெனியே மூழ்கிட்டா என்ன ஆகும்ங்கிறதுதான் உண்மையான கவலை. அதுக்கும் ஆக்சுவரி நஷ்டத்துக்கும் சம்பந்தமில்ல.

(இன்னொண்ணு கவனிச்சீங்களா? கடைசியில சம்பள ஏற்றமும் 4, வட்டியும் 4. அப்ப ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். இன்னைய சம்பளம் 4,240ல பாதி, 21 வருஷத்தால பெருக்குங்க. சரியா 44,520. ஆக்சுவரி அறிக்கை கையில வந்ததும் நான் முதல்ல பண்றது இந்தக் குறுக்குக் கணக்குதான். ரெண்டு விகிதமும் கிட்டக் கிட்ட இருந்து, ஆக்சுவரி தொகை மட்டும் ரொம்பத் தூரம் போனா, நான் அனுப்பின ஆள் பட்டியல்லயோ அவர் போட்ட கணக்குலயோ ஏதோ தப்பு. யாரோ ஒருத்தரோட சேந்த தேதி மாறியிருக்கும். நடுவுல வேலய விட்டுப் போறவங்களுக்கான ஊகம் இருந்தா தொகை கொஞ்சம் குறையும், அத மட்டும் கழிச்சுப் பாக்கணும்.)

நாலு வருஷம் பாக்கி இருக்கிற அக்காவுக்கு ஒரு விழுக்காடு வட்டி இறங்கினா கடன் சுமார் 4 விழுக்காடு ஏறுது. அதே பதினஞ்சு வருஷம் பாக்கி இருக்கிற தம்பிக்கு ஏறக்குறைய 15 விழுக்காடு ஏறும். இளவட்டம் நெறைய இருக்கிற கம்பெனியில வட்டி லேசா அசைஞ்சாலே நஷ்டம் பெருசா தெரியறதுக்குக் காரணம் இதுதான்.

சரி, இப்ப ஒளிச்சு வச்சதுங்கிற குற்றச்சாட்டு.

அந்த 2,480 வெள்ளி லாபத்துல ஏறாது. லாபத்துக்குக் கீழ 'மற்ற விரிவான வருமானம்'னு ஒரு பகுதி, நாங்க ஓசிஐன்னு சொல்லுவோம், அங்க போகும். எம்எஃப்ஆர்எஸ் 119 அப்படித்தான் போடச் சொல்லுது. கம்பெனி விருப்பமே இல்ல.

முன்னாடி எப்படி இருந்துச்சு தெரியுமா? 2013க்கு முன்னால ஒரு நடைமுறை இருந்துச்சு. ஆக்சுவரி நஷ்டம் கடன்ல 10 விழுக்காட்டுக்குள்ள இருந்தா கணக்குலயே காட்ட வேண்டாம்! (திட்டத்துக்கு நிதி இருந்து அது கடனவிடப் பெருசா இருந்தா அதுல 10 விழுக்காடு.) தாண்டினா, தாண்டின பகுதிய மட்டும் ஊழியர்கள் வேல பாக்கப்போற மிச்ச வருஷங்கள்ல கொஞ்சம் கொஞ்சமா ஏத்தலாம். ஐந்தொகையில தெரியற கடன் ஒண்ணு, உண்மைக் கடன் வேற. அதுதான் நிஜமான ஒளிப்பு. 2011ல விதியத் திருத்தி, 2013 ஜனவரிலேருந்து முழுத் தொகையும் அந்த வருஷமே ஐந்தொகைக்கு வரணும்னு ஆக்குனாங்க. எனக்கு அது ரொம்பப் பிடிச்ச மாற்றம். அது வந்த வருஷம் சில கம்பெனிகளோட கடன் திடீர்னு ஏறின மாதிரி தெரிஞ்சுது. உண்மையில அது ஏற்கெனவே இருந்த கடன்தான்.

ஏன் லாபத்துல ஏத்தல? பத்திர வட்டி இறங்கினதுக்காக ஒரு பிஸ்கட் தொழிற்சாலையோட லாபம் பாதியாச்சுன்னு வைங்க, அந்த வருஷம் பிஸ்கட் வித்ததப் பத்தி அந்த லாபம் எதையும் சொல்லாது. அடுத்த வருஷம் வட்டி ஏறினா லாபம் சும்மா குதிக்கும். அதனால தனியா வச்சாங்க. இந்த வாதத்த நான் ஏத்துக்கிறேன்.

ஆனா ஒரு சிக்கல் இருக்கு. ஓசிஐக்குப் போன இந்தத் தொகை திரும்ப லாபத்துக்கு வரவே வராது. அடுத்த வருஷமும் வராது, அக்கா ஓய்வு பெற்றுப் பணம் வாங்கிப் போற அன்னைக்கும் வராது. அமெரிக்க விதியில கொஞ்சம் கொஞ்சமா லாபக் கணக்குக்குத் திரும்ப இழுப்பாங்க. நம்ம விதியில அது கிடையாது. போனது போனதுதான்.

அண்ணன் கேக்காமக் கேட்ட கேள்வி இங்கதான் இருக்கு. இந்தக் கதவு வழியா நிஜச் சம்பளச் செலவு வெளிய போக முடியுமா?

முடியும். அதே அக்காவ எடுத்துக்குங்க. சம்பளம் 4 விழுக்காடு ஏறும்னு சொல்றதுக்குப் பதிலா 2 விழுக்காடுதான் ஏறும்னு கம்பெனி ஊகம் வச்சிருந்தா? ஆரம்பக் கடன் 38,131க்குப் பதிலா 34,603. சேவைச் செலவு 1,817, வட்டி 1,730. லாபத்துல ஏறுறது 3,547 மட்டும். முன்னாடி 3,909 இருந்துச்சு. லாபம் 362 வெள்ளி அழகாயிடுச்சு.

வருஷக் கடைசியில சம்பளம் நிஜமா 6 விழுக்காடு ஏறியிருக்கு. அப்ப அனுபவத்தால வந்த நஷ்டம் 808க்குப் பதிலா 1,496. அது எங்க போகும்? ஓசிஐக்கு. திரும்ப வராத இடத்துக்கு.

ஒரே அக்கா, ஒரே ஒப்பந்தம், ஒரே சம்பள உயர்வு. ஊகத்த மட்டும் தாழ்த்தி வச்சதால, செலவுல ஒரு பங்கு லாபத்தத் தொடாமலே போயிடுது. ஒரு வருஷம் நடந்தா அது எதிர்பாராதது. வருஷா வருஷம் அதே பக்கமா நடந்தா அது எதிர்பாராததே இல்ல. அது சம்பளம். லாபத்துல ஏறியிருக்க வேண்டிய சம்பளம். இத நான் என் ஆபீஸ்லயும் சொல்லியிருக்கேன், இங்கயும் சொல்றேன்.

இத வெளியிலேருந்து எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஆண்டறிக்கையில ஊழியர் பலன் குறிப்புக்குப் போங்க. ஓசிஐக்குப் போன அந்த மறுமதிப்பீட்டுத் தொகைய பெரும்பாலும் மூணாப் பிரிச்சுக் காட்டுவாங்க: ஆயுள், வேல விட்டுப் போறது மாதிரி ஊகம் மாறினதால எவ்வளவு, வட்டி, சம்பள ஏற்றம் மாதிரி ஊகம் மாறினதால எவ்வளவு, அனுபவத்தால எவ்வளவு. நடு வரியப் பத்தி நான் அதிகம் கவலைப்பட மாட்டேன், வட்டி ஏறும் இறங்கும். அனுபவ வரியப் பாருங்க. ஒரு வருஷம் லாபம், ஒரு வருஷம் நஷ்டம்னு மாறி மாறி இருந்தா ஊகம் நேர்மையா இருக்கு. அஞ்சாறு வருஷ அறிக்கையிலயும் நஷ்டமாவே இருந்தா யாரோ சம்பள ஊகத்தத் தாழ்த்தியே வச்சிருக்காங்களோன்னு சந்தேகப்படலாம்.

இதுல ரெண்டு விஷயத்துல அவசரப்படக் கூடாது.

நம்ம நாட்டுல கூட்டு ஒப்பந்தம் குறைஞ்சது மூணு வருஷத்துக்குப் போடணும். சம்பளம் ஒப்பந்தம் கையெழுத்தாகிற வருஷம் மொத்தமாக் குதிக்கும், மத்த ரெண்டு வருஷம் மெதுவா நகரும். ஆக்சுவரியும் பல கம்பெனிக்கு மூணு வருஷத்துக்கு ஒரு தடவதான் முழுசாக் கணக்குப் போடுவாரு, நடுவுல பழைய கணக்க முன்னுக்கு நகர்த்திக்குவாங்க. அதனால ரெண்டு வருஷம் ஓசிஐ வரி வெறுமையா இருந்து, மூணாவது வருஷம் பெரிய தொகையா வந்து விழும். குரல் பதிவுல அண்ணன் பாத்தது அப்படி விழுந்த வருஷமாக்கூட இருக்கலாம். ஒரு வருஷத்த வச்சு யாரையும் குத்தம் சொல்ல முடியாது. குறிப்புல ஆக்சுவரி கடைசியா எப்ப மதிப்பிட்டாருன்னு தேதி தேடுங்க, ரெண்டு சுற்றாவது சேத்துப் பாருங்க. (நடுவுல வட்டி பெருசா அசைஞ்சும் கணக்க மாத்தாம விட்டிருந்தா அது வேற தப்பு. ஆடிட்டர் விடக் கூடாது.)

ரெண்டாவது, ஒப்பந்தத்தையே மாத்தினா கதை வேற. அரை மாசம்ங்கிறத ஒரு மாசம்னு யூனியன் வாங்கிட்டா, அக்காவோட கடன் ஒரே நாள்ல இரட்டிப்பாகும். அது ஆக்சுவரி நஷ்டம் கிடையாது. கடந்த வருஷங்களுக்கான சேவைச் செலவு, அன்னைக்கே முழுசா லாபத்துல ஏறணும். ஊகம் மாறினா ஓசிஐ, வாக்கு மாறினா லாபம். இந்தக் கோட்டுலதான் தகராறு வரும். வாக்கு மாறினத ஊகம் மாறின மாதிரி காட்டத் தூண்டுதல் இருக்கும், ஏன்னா லாபம் தப்பிச்சிடும். ஒப்பந்தம் புதுப்பிச்ச வருஷம் பலன் விகிதம் கூடியும் கடந்த காலச் சேவைச் செலவுன்னு ஒரு வரிகூட இல்லன்னா, அதத்தான் கூட்டத்துல கேக்கணும்.

இன்னொரு விஷயமும் அதே குறிப்புல இருக்கு. இத யூனியன்காரங்க யாரும் பயன்படுத்தி நான் பாத்ததில்ல. கம்பெனி வச்சிருக்கிற சம்பள ஏற்ற ஊகம் எத்தன விழுக்காடுன்னு அங்க அச்சுல இருக்கும். பேச்சுவார்த்தையில "2 விழுக்காட்டுக்கு மேல முடியாது"ன்னு சொல்ற கம்பெனி, ஆக்சுவரிகிட்ட 5 விழுக்காடுன்னு சொல்லியிருந்தா, அந்தப் பக்கத்த நகல் எடுத்து மேசையில வைக்கலாம். அதுல பதவி உயர்வும், நீண்ட கால விலைவாசியும் சேந்திருக்கும், அதனால அப்படியே ஒண்ணுக்கு ஒண்ணு ஒப்பிட முடியாது. ஆனா "இந்த 5க்கும் உங்க 2க்கும் நடுவுல என்ன இருக்கு, விளக்குங்க"ன்னு கேக்கலாம். பதில் சொல்ல வேண்டியது அவங்க பாடு.

அந்த அண்ணனுக்கு இந்தப் பதிவ அனுப்பிட்டேன். அஞ்சு வருஷ ஆண்டறிக்கை எடுத்து அனுபவ வரிய மட்டும் எழுதி அனுப்புங்கண்ணே, சேந்து பாப்போம்னு சொல்லியிருக்கேன். உங்க கம்பெனி அறிக்கையில அந்த வரி எப்படி இருக்குன்னு நீங்களும் பாத்துட்டுச் சொல்லுங்க.